பினாங்கில் எட்டு மணி என்றால் டொரோண்டோவில் எத்தனை? – கேள்வி பதில்

பினாங்கில் கப்பல் சரக்கு அலுவலகத்தில் முப்பது வருடம் உட்கார்ந்து எழுந்தவன் நான். என் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஐந்து கடிகாரங்கள் ஓடும். அந்தப் பழக்கத்தில் என் குடும்பத்துக்கும், பிறகு தெரு முழுக்கவும் மணி அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறேன். கேளுங்கள். ஆனால் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "கனடா" என்று கேட்டால் பதில் வராது, கனடாவுக்குள்ளேயே ஆறு நேர வட்டம் இருக்கிறது.

ஜெலுத்தோங் அக்கா: அம்மா என்னோட பினாங்குல. தம்பி டொரோண்டோ, தங்கச்சி லண்டன், கடைசித் தங்கச்சி மெல்பர்ன்ல நர்ஸ், பெரியப்பா மதுரை. ஞாயிறு ராத்திரி 8 மணிக்குப் பேசுவோம். தீபாவளிக்கு அப்புறம் ஒரே சண்டை. எந்த மணி எல்லாருக்கும் ஒத்து வரும்?

அக்கா, 8 மணியை விடாதீர்கள். கிழமையை மாற்றுங்கள்.

ஜூலையில் உங்கள் இரவு 8 மணி டொரோண்டோவில் காலை 8, லண்டனில் பகல் 1, மதுரையில் மாலை 5:30, மெல்பர்னில் இரவு 10. யாருக்கும் குறையில்லை. ஜனவரியில் அதே 8 மணி டொரோண்டோவில் காலை 7, லண்டனில் பகல் 12, மெல்பர்னில் இரவு 11. மதுரை மட்டும் அசையாமல் 5:30-இல் நிற்கும். வடக்கே குளிர்காலம் வரும்போது டொரோண்டோவும் லண்டனும் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுகின்றன. தெற்கே மெல்பர்னில் அப்போதுதான் கோடை, அவர்கள் ஒரு மணி முன்னால் தள்ளுகிறார்கள். தம்பிக்கும் கடைசித் தங்கைக்கும் ஜூலையில் 14 மணி இடைவெளி, ஜனவரியில் 16. உங்கள் வீட்டுச் சண்டையின் வேர் அந்த இரண்டு மணிதான்.

வேறு மணி இருக்கிறதா என்று ஒரு தாள் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இடது ஓரத்தில் பினாங்கு மணி, பக்கத்தில் மற்ற நாலு ஊர். தூங்கும் மணிக்கெல்லாம் சிவப்பு மை. ஜனவரிக் கணக்கில் பினாங்கு ஞாயிறு காலை 9 கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டது. மெல்பர்னில் பகல் 12, மதுரையில் காலை 6:30, டொரோண்டோவில் சனி இரவு 8. ஆனால் லண்டனில் நள்ளிரவு தாண்டி 1 மணி. லண்டன் தங்கை மட்டும் இல்லையென்றால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆக இரவு 8-தான். மெல்பர்ன் தங்கைக்கு 11 மணி பெரிய கஷ்டமில்லை, மறுநாள் திங்கள் காலை ஷிஃப்டுதான் கஷ்டம். சனி இரவுக்கு மாற்றினால் மறுநாள் ஞாயிறு. டொரோண்டோ தம்பிக்கும் சனி காலை 7 என்றால் வேலைக்கு ஓட வேண்டியதில்லை. நர்ஸ் வேலையில் ஞாயிறு ஷிஃப்டும் வரும், அதை மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிள்ளான் தம்பி: இதுக்கு அட்டவணையே வேணாம் அண்ணே. டொரோண்டோ நமக்கு நேர் 12 மணி. காலையை ராத்திரின்னு மாத்திப் படிச்சா முடிஞ்சது.

எட்டு மாதத்துக்கு நீங்கள் சொல்வது சரி. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நேர் 12. அதன் பிறகு 13. அந்த நாலு மாதத்தில் உங்கள் கணக்கை நம்பி அழைத்தால், காலை 7 மணிக்கு எழுகிறவரை 6 மணிக்கே எழுப்புவீர்கள்.

செந்தூல் ஆசிரியை: நாங்கள் கைப்பேசி நாள்காட்டியில் வாராவாரம் என்று போட்டு வைத்திருக்கிறோம். இருந்தும் நவம்பரில் தானாகவே 9 மணிக்குப் போய்விட்டது. ஏன்?

அந்த அழைப்பைப் போட்டது யார் டீச்சர்? டொரோண்டோவில் இருக்கும் யாராவது என்று பந்தயம் கட்டுகிறேன். வாராவாரம் வரும் அழைப்பு, அதைப் போட்டவரின் ஊர்க் கடிகாரத்தோடு கட்டப்பட்டிருக்கும். அவருடைய காலை 8 மாறாது, நம்முடைய 8 தான் 9 ஆகும். அதை அழித்துவிட்டு நீங்கள் புதிதாகப் போடுங்கள். நேர வட்டம் கேட்கும் இடத்தில் கோலாலம்பூரைத் தேர்ந்தெடுங்கள். இங்கே கடிகாரம் மாறுவதில்லை, ஆகவே அழைப்பும் நகராது. மற்றவர்களின் கைப்பேசி அவரவர் ஊர் மணிக்குத் தானே மாற்றிக் காட்டும்.

EST, IST போன்ற எழுத்துகளை எழுதவே எழுதாதீர்கள். IST என்றால் இந்தியாவும் உண்டு, அயர்லாந்தும் உண்டு, இஸ்ரேலும் உண்டு. ஊர்ப் பெயர் எழுதுங்கள்.

ஸ்கார்பரோ வாசி: இது நல்ல கதையா இருக்கே! எல்லாத்தையும் மலேசியா மணிக்குக் கட்டினா வருஷத்துக்கு ரெண்டு தடவை மாறுறது டொரோண்டோல இருக்கிற நாங்கதான். உங்களுக்குக் கடிகாரம் மாறலைன்னா, மாறிக்கிற சௌகரியம் உங்களுக்குத்தானே இருக்கு?

ஈப்போ மாமா: அம்மா இங்கே இருக்காங்க தம்பி. எண்பது வயசுல அவங்க மாத்திரை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் மணிக்கு ஓடுது. மாறணும்னா சின்னவங்கதான் மாறணும்.

ஸ்கார்பரோ வாசி: மாமா, என் பையனுக்கு ஆறு வயசு. குளிர்காலத்துல காலை 7 மணிக்கு இங்கே இன்னும் இருட்டு. பாட்டி முகத்தைப் பார்த்துக் கொட்டாவிதான் விடுறான். இங்கே 8-ன்னா பாட்டிக்கு 9. ஒரு மணி நேரம் முழிச்சிருக்க முடியாதா?

ஈப்போ மாமா: அப்ப மெல்பர்ன்ல நடுராத்திரி 12 ஆச்சே, அந்தப் பொண்ணு?

இருவரும் நிறுத்துங்கள். மெல்பர்ன் பெண் ஜெலுத்தோங் அக்காவின் தங்கை, ஸ்கார்பரோக்காரர் வீட்டில் மெல்பர்னே கிடையாது. மாமா இரண்டு குடும்பத்தைக் கலக்குகிறார். யார் மாற வேண்டும் என்பதை என் அட்டவணை சொல்லாது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: எந்த ஊரைப் பிடித்தாலும் ஒரே ஊரைப் பிடியுங்கள். பாதிப் பேர் பினாங்கு மணியையும் பாதிப் பேர் டொரோண்டோ மணியையும் பிடித்தால் மார்ச் மாதம் தொலைந்தது. டொரோண்டோ மார்ச் இரண்டாம் ஞாயிறு மாறும், லண்டன் கடைசி ஞாயிறு, மெல்பர்ன் ஏப்ரல் முதல் ஞாயிறு. 2026-இல் அவை மார்ச் 8, மார்ச் 29, ஏப்ரல் 5. அந்த நாலு வாரத்துக்கு எந்த வழக்கமான கணக்கும் உதவாது. நானே ஒரு மார்ச் கடைசியில் ரோட்டர்டாம் அழைப்புக்கு ஒரு மணி நேரம் பிந்தி உட்கார்ந்தேன். அவர்கள் பேசி முடித்து வைத்துவிட்டார்கள்.

ஈப்போ மாமா: இருந்தாலும் அம்மாதான் முக்கியம்.

சரி மாமா.

சுங்கை பட்டாணி: லண்டன் நமக்கு எத்தனை மணி வித்தியாசம்?

கோடையில் 7, குளிரில் 8.

தாப்பா ரோட்: ஆஸ்திரேலியா எத்தனை மணி?

ஊர்ப் பெயர்! பெர்த் என்றால் நமக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. பிரிஸ்பேன் வருடம் முழுக்க 2 மணி முன்னால். மெல்பர்ன் மேலே இருக்கிறது.

பட்டர்வொர்த் அண்ணன்: மணி அட்டவணைன்னதும் வந்தேன். நான் 1979-ல பட்டர்வொர்த்ல காலை 6:10-க்குப் பிறந்தேன். சென்னை ஜோசியர் கணினியில போட்ட லக்னமும் எங்க தாத்தா எழுதின லக்னமும் வேற வேற. எது சரி?

இது அழைப்பு நேரக் கேள்வியே இல்லை அண்ணே, ஆனாலும் விட மனசில்லை. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1-இல்தான் இப்போதைய மணிக்கு வந்தது. அதற்கு முன் அரை மணி பின்னால் இருந்தோம், கிரீனிச்சுக்கு 8 இல்லை, ஏழரை மணிதான் முன்னால். சபா, சரவாக்கோடு ஒரே மணி வேண்டும் என்று அரை மணி முன்னால் தள்ளினார்கள். சென்னைக்காரர் உங்கள் 6:10-ஐ எட்டு மணி வட்டத்தில் போட்டிருந்தால் அரை மணிப் பிழை. அரை மணியில் லக்னம் ஏழு பாகைக்கு மேல் நகரும், ராசி எல்லையில் இருந்தால் லக்னமே மாறும். ஏழரை என்று போட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பாட்டி ஜப்பான்காரன் காலத்தில் பிறந்தவர் என்றால் அது இன்னொரு கூத்து, அப்போது இங்கே தோக்கியோ மணி.

லக்னத்தை நான் நம்புகிறேனா என்று யாரும் கேட்க வேண்டாம்.

பாயான் லெப்பாஸ் தங்கை: எக்செல்ல போட்டேன், டொரோண்டோ கட்டத்துல வெறும் ###### வருது.

மணியை மட்டும் போட்டிருக்கிறீர்கள். காலை 9-இலிருந்து 13-ஐக் கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது, எக்செலுக்கு அது பிடிக்காது. A2 கட்டத்தில் தேதியையும் சேர்த்துப் போடுங்கள், டொரோண்டோ கட்டத்தைத் தேதியும் மணியும் காட்டும் வடிவத்துக்கு மாற்றுங்கள், பிறகு:

```
=A2-TIME(13,0,0)
```

முதல் நாள் இரவு 8 என்று தேதியோடு வரும். MOD போட்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள். மணி வரும், தேதி காணாமல் போகும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் வாழ்த்து சனிக்கிழமையே போய்ச் சேரும்.

கிள்ளான் தம்பி: அண்ணே, டொரோண்டோ 12-தானே?

மேலே படியுங்கள் தம்பி.

ஜெலுத்தோங் அக்கா: இன்னொண்ணு. தீபாவளி அன்னைக்கு அம்மா எல்லாரையும் காலையில எண்ணெய் தேய்க்கும்போதே பார்க்கணும்னு சொல்றாங்க. நடக்குமா?

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. டொரோண்டோ அதற்கு முந்தைய ஞாயிறே குளிர்கால மணிக்கு வந்துவிடும், லண்டன் அதற்கும் முன்பே.

மற்ற நாளில் நான் முடியாது என்றுதான் சொல்வேன், மதுரை அரைத்தூக்கத்தில் இருக்கும். ஆனால் பினாங்கு காலை 6:30 என்றால் மதுரையில் விடிகாலை 4. பெரியப்பா அன்றைக்கு அந்த நேரத்துக்குக் கையில் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடுதான் இருப்பார். மெல்பர்னில் காலை 9:30, குளித்துச் சட்டை மாற்றியிருப்பார்கள். லண்டனில் சனி இரவு 10:30. டொரோண்டோவில் சனி மாலை 5:30, தம்பி வீட்டில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருக்கலாம். அவர்கள் இருவருக்கும் தீபாவளி இன்னும் பிறக்கவில்லை, அதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் "ஏன்டா இன்னும் குளிக்கலை" என்று தம்பிக்குத் திட்டு விழும்.