பார்த்துப் படித்தும் மறந்துபோகிறது

"நான் கண்ணால் பார்த்துக் கற்கும் வகை என்று ஒரு டெஸ்டில் வந்தது. உயிரியலுக்கு வீடியோவும் கலர் நோட்ஸுமாகப் படிக்கிறேன். பரீட்சையில் எதுவும் வரவில்லை. என் வகையே தவறா?"

தம்பி, அந்த டெஸ்ட் காட்டுவது உங்கள் விருப்பத்தை மட்டும்தான். அந்த விருப்பப்படி படித்தால் மதிப்பெண் கூடுமா என்பது வேறு கேள்வி. அதை நிரூபிக்க, 'பார்க்கும் வகையினர்' படத்தாலும் 'கேட்கும் வகையினர்' பேச்சாலும் அதிகம் கற்க வேண்டும். 2008இல் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் ஆய்வுகளை அலசியபோது, அப்படிச் சரியாகச் சோதித்தவையே மிகக் குறைவு. அவற்றிலும் பல எதிர்மாறான முடிவையே காட்டின. உயிரியலில் இதயம் பற்றிய பாடத்துக்குப் படம் எல்லோருக்குமே தேவை, பாடம் அப்படிப்பட்டது.

உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வீடியோ ஓடும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் ஒரு பத்தியைச் சிலரைத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள், வேறு சிலரை அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். 5 நிமிடம் கழித்து, திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம், எழுதியவர்களுக்கு 56.

இன்று இதயப் படத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் வரையுங்கள். வலது ஏட்ரியத்தில் தொடங்கி, ரத்தம் நுரையீரல் போய்த் திரும்பும் வழியை அம்புக்குறியால் காட்டுங்கள். நுரையீரல் தமனியில் கை நின்றால் நிற்கட்டும், ஒரு நிமிடம் யோசித்த பிறகே புத்தகத்தைத் திறந்து சிவப்பில் திருத்துங்கள். நாளை மறுநாள் புதுத் தாளில் மறுபடி, அடுத்த வாரம் இன்னொரு தடவை.