குலுக்கலில் வெளிப்படைத்தன்மை: பட்டியலை முதலில் பூட்டுங்கள்

“குலுக்கலை நேரலையில் நடத்தியும், தெரிந்தவருக்கே பரிசு போனது என்கிறார்கள். அடுத்த முறை எப்படி நடத்துவது?”

நேரலையில் சக்கரம் சுழல்வது மட்டுமே தெரியும். அதற்குள் யாருடைய பெயர்கள் இருந்தன, அதற்கு முன் எத்தனை முறை சுழற்றிப் பார்த்தீர்கள் என்பது தெரியாது. எனவே போட்டி முடிந்தவுடன், தகுதியற்ற பதிவுகளைக் காரணத்துடன் நீக்கி, எஞ்சியவற்றுக்கு வரிசை எண் இட்டு, பெயர்களைப் பாதி மறைத்துப் பட்டியலை வெளியிட்டுவிடுங்கள். அதன்பின் ஒரு வரியைக்கூட மாற்றக் கூடாது.

வெற்றி எண்ணை உங்கள் கையில் இல்லாத இடத்திலிருந்து எடுங்கள். அமெரிக்க அரசின் அளவீட்டுத் தர நிறுவனமான நிஸ்ட் நிமிடத்துக்கு ஒரு சீரற்ற எண்ணைப் பொதுவில் வெளியிடுகிறது. பட்டியல் வெளியான மறுநாள் குறிப்பிட்ட நிமிடத்தில் வரும் எண்ணின் முதல் 5 இலக்கங்களையே எடுப்போம் என்று, உலக நேரத்தைக் குறிப்பிட்டு, போட்டி அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். அது பதினாறடிமான எண், அதாவது 0 முதல் 9 வரையான இலக்கங்களோடு 10 முதல் 15 வரைக்கு A முதல் F வரையான எழுத்துகளும் வரும். உதாரணமாக B2726 என வந்தால், நாம் வழக்கமாக எழுதும் பதின்மத்தில் அது 730918. பட்டியலில் 412 பேர் இருந்தால் அதை 412ஆல் வகுத்து வரும் மீதி 30, அதனுடன் 1 கூட்டினால் 31ஆம் பதிவு வெல்கிறது. இதை எவரும் வீட்டிலிருந்தே சரிபார்க்கலாம்.

வென்றவர் 7 நாளில் பதிலளிக்காவிட்டால் அடுத்த வரிசை எண்ணுக்குப் பரிசு போகும் என்பதையும் முன்பே சொல்லுங்கள். பெரும்பாலான சச்சரவு இங்கேதான் தொடங்குகிறது.

“நுழைவு இலவசம்” என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, அஞ்சல் செலவை வென்றவர் ஏற்க வேண்டும் என்பதைக் கடைசி வரியில் ஒளிக்காதீர்கள். அதுவும் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே இருக்கட்டும்.