18 வருட 2டி அனுபவத்தோடு சாலிட்வொர்க்ஸுக்கு: எங்கே தடுக்கிறது?

கேள்வி: 18 வருஷமா ஆட்டோகேடில் 2டி டிராயிங் போடுறேன். இப்ப சாலிட்வொர்க்ஸ். கமாண்டெல்லாம் தெரிஞ்சுடுச்சு, மாடலும் வந்துடுது. ஆனா ஒரு அளவை மாத்தினா எல்லாம் உடைஞ்சு போகுது. எப்படி யோசிக்கணும்?

பதில்:

நானும் கோவையில் பம்ப் பாகங்களுக்கு நெடுநாள் 2டி போட்டுவிட்டு மாறியவன்தான். உடைவதற்குக் காரணம் உங்கள் கை இல்லை. ஆட்டோகேடில் நாம் வரைவது, பாகத்தை முன்னால் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் கோடுகளை. மாடலில் சொல்ல வேண்டியது வேறு: எது எதன்மேல் நிற்கிறது, எது எதனால் மாறுகிறது. நான் முதலில் போட்ட ஒரு பேரிங் பிராக்கெட்டை வைத்தே சொல்கிறேன்.

அடித்தட்டு 16 மிமீ கனம். அடியிலிருந்து சென்டர் ஹைட் 80. 6206 பேரிங்குக்கு 62 போர், சுற்றிலும் 12 மிமீ சுவர், ஆக பாஸ் விட்டம் 86. பாஸுக்கும் தட்டுக்கும் நடுவே 40 அகலம், 12 கனத்தில் ஒரு தாங்கு சுவர்.

பழைய பழக்கத்தில் முன்பக்கத் தோற்றத்தை அப்படியே ஸ்கெட்சாக வரைந்தேன். தாங்கு சுவரின் மேல் விளிம்பு பாஸைத் தொடும் வளைவு அல்லவா, அதற்கு R43 என்று தனியாக அளவு கொடுத்தேன். பார்க்கக் கச்சிதமாக இருந்தது. பிறகு 6207 போட வேண்டி வந்தது. போரை 72, பாஸை 96 ஆக்கினேன். பாஸ் பெருத்து சுவரை 5 மிமீ விழுங்கியது, வெளியே ஒன்றும் தெரியவில்லை. அடுத்து 6205 கேட்டார்கள். போர் 52, பாஸ் 76. பாஸின் ஆரம் 38 ஆகிவிட்டது, சுவரின் வளைவோ 43இலேயே நிற்கிறது. நடுவில் 5 மிமீ இடைவெளி, பாஸ் அந்தரத்தில். இடது பக்க மரத்தில் `Solid Bodies(2)` என்று வந்திருந்தது. ஒரே காஸ்டிங்காக இருக்க வேண்டிய பாகத்தில் இந்த எண் 1ஐத் தாண்டினால் எங்கோ ஒட்டவில்லை என்று அர்த்தம். இப்போதெல்லாம் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் என் கண் முதலில் அங்கேதான் போகிறது.

திருத்தியபோது R43 என்ற அளவையே தூக்கிவிட்டேன். முன்பக்கத்தில் வரையாமல், தட்டின் மேல்முகத்தில் 40 x 12 செவ்வகம் போட்டு, `Up To Next` கொடுத்து மேலே இழுத்தேன். சுவர் தட்டிலிருந்து கிளம்பி பாஸைத் தொட்டதும் நிற்கும், பாஸ் பெருத்தாலும் சிறுத்தாலும். கண்ணுக்கு எங்கே தெரிகிறது என்பதைவிட, எங்கிருந்து முளைக்கிறது என்று கேளுங்கள். பேட்டர்ன் செய்பவரிடம் நாம் வாயால் சொல்வதும் இதைத்தானே!

பாஸின் 86ஐயும் கையால் அடிக்கவில்லை. `Equations`இல் இப்படி எழுதி, போர், பாஸ் விட்ட அளவுகளில் எண்ணுக்குப் பதில் இந்தப் பெயர்களையே கொடுத்தேன்:

```
"Bore" = 62
"Boss" = "Bore" + 24
```

62 பேரிங் தருவது, போரைச் சுற்றிய 12 மிமீ சுவர் நாம் முடிவு செய்வது, 86 அவற்றின் விளைவு. 2டியில் மூன்றும் ஒரே மாதிரி எண்கள். அவசரத்தில் கோட்டைத் தொடாமல் டைமென்ஷன் எழுத்தை மட்டும் திருத்தி அனுப்பும் பழக்கம் இருந்தால், தயவுசெய்து அதை முதலில் விடுங்கள்.

வரிசையும் முக்கியம். தட்டு, பாஸ், சுவர், அதற்குப் பிறகே போர் வெட்டு. பட்டறையிலும் காஸ்டிங் வந்த பிறகுதானே போரிங்? ஃபில்லெட்டை ஸ்கெட்சுக்குள் போடாதீர்கள், கடைசியில் விளிம்பைத் தேர்ந்து போடுங்கள். ஸ்கெட்சில் நீலக் கோடு மிச்சமிருந்தால் அளவோ உறவோ குறைகிறது; எல்லாம் கறுப்பாகும் வரை வெளியே வராதீர்கள்.

முடிந்ததும் சோதியுங்கள். `Bore`ஐ 52, 72, 62 என்று மாற்றி, ஒவ்வொரு முறையும் `Ctrl+Q` அழுத்தி, மரத்தில் சிவப்புக் குறி இல்லை, பாடி ஒன்றுதான் என்று பாருங்கள். 90 கொடுத்தும் பார்த்தேன், அது 6308இன் வெளிவிட்டம். மாடல் உடையவில்லை. ஆனால் பாஸுக்கும் தட்டுக்கும் நடுவே 7 மிமீதான் மிச்சம். அந்த இடுக்கில் வார்ப்பு மணல் நிற்குமா என்று சாலிட்வொர்க்ஸ் சொல்லாது. அங்கே சென்டர் ஹைட்டையே கூட்ட வேண்டும் என்று முடிவெடுப்பது உங்கள் 18 வருஷம்தான்.

டிராயிங் ஷீட்டுக்குப் போகும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில டெம்ப்ளேட்டுகள் `Third angle`இல் இருக்கும். நம் பட்டறைகள் வாசிப்பது `First angle`. `Sheet Properties`இல் மாற்றிய பிறகே வியூக்களை இறக்குங்கள்.