காபிப்பொடியின் வாசனை எங்கே போகிறது?

கேள்வி: வீட்டில் நானும் கணவரும் மட்டும். மாதம் ஒரு கிலோ பீபெரி, 80:20 கலவையாகக் கடையில் அரைத்து வாங்குகிறேன். முதல் நான்கு நாள் வீடே மணக்கிறது. பத்தாம் நாளிலிருந்து வெறும் கசப்பு. கடைக்காரர் ஏமாற்றுகிறாரா? (வாசகி, ஸ்ரீரங்கம்)

பதில்: கடைக்காரர் மேல் தப்பில்லை, அம்மா. இரண்டு பேருக்கு ஒரு கிலோ பொடி வாங்குவதுதான் தப்பு.

காபிக்கொட்டையை வறுக்கும்போது உள்ளே நிறைய கரியமில வாயு உண்டாகிறது. வாசனை தரும் நூற்றுக்கணக்கான பொருள்களும் அப்போதுதான் உருவாகின்றன. கொட்டை முழுசாக இருக்கும்வரை இரண்டும் அதன் நுண்ணறைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கும். வாயு மெதுவாக வெளியே கசிந்துகொண்டே இருப்பதால் வெளிக்காற்று உள்ளே நுழைவதும் சிரமம். அரைக்கும்போது அந்த அறைகள் உடைந்துவிடுகின்றன. வாயுவில் பெரும்பங்கு சில நிமிடங்களிலேயே கிளம்பிவிடும், வாசனையையும் கூடவே அள்ளிக்கொண்டு போகும். வீடே மணக்கிறது என்றால் டம்ளருக்கு வரவேண்டிய மணம் காற்றில் போகிறது என்று அர்த்தம்.

மிச்சமிருப்பதைப் பிராணவாயு கெடுக்கிறது. வறுத்த காபிக்கே உரிய அந்த மணத்தைத் தருவதில் கந்தகம் கலந்த சில பொருள்களுக்குப் பெரிய பங்கு உண்டு. காற்றுப் பட்டால் சீக்கிரம் சிதைவதும் அவைதான். கசப்புக்கு இந்தச் சேதம் கிடையாது. அதனால்தான் பத்தாம் நாள் கசப்பு அப்படியே நிற்க, மணம் மட்டும் காணாமல் போகிறது.

உங்கள் கணக்கையே பார்ப்போம். மாதம் ஒரு கிலோ என்றால் நாளுக்குச் சுமார் 33 கிராம், வாரத்துக்குச் சுமார் 233 கிராம். ஆகவே வாரம் கால் கிலோ வாங்குங்கள். கடை தூரம், மாதம் ஒருமுறைதான் போகமுடியும் என்றால், வாங்கிய அன்றே பொடியை நான்கு சின்ன எவர்சில்வர் டப்பாக்களில் விளிம்புவரை அழுத்தி நிரப்பி இறுக மூடிவிடுங்கள். ஒன்று தீர்ந்த பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். ஒரே பெரிய டப்பாவில் வைத்தால் பொடி குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. காலையும் மாலையும் திறக்கும்போது அந்தக் காற்று புதுசாக மாறுகிறது. மாதத்தில் அறுபது தடவை இப்படி நடந்தால் எந்தப் பொடியும் தாங்காது.

பொடியில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. டம்ளரில் ஒரு ஸ்பூன் பொடி போட்டு, கொதித்து இறக்கிய தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றுங்கள். புதுப்பொடி நுரைத்து மேலே எழும்பும். பழையது சேறுபோல நனைந்து அடங்கிவிடும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய வறுத்த கொட்டைப் பை பலூன் மாதிரி உப்பி வந்திருக்கிறது. கெட்டுப்போய்விட்டதா? (வாசகர், கோவை)

பதில்: இல்லை. வறுத்த சூடு ஆறியதும் அடைத்திருக்கிறார்கள், உள்ளே இருப்பது கொட்டை விட்ட வாயு. நல்ல சரக்கு, குடியுங்கள்.

கேள்வி: பொடியை ஃப்ரிட்ஜில் வைத்தால் கெடாது என்று மாமியார் சொல்கிறார். ஆனால் காபியில் வேறு ஏதோ வாடை வருகிறது. (வாசகி, மதுரை)

பதில்: குளிரில் கெடுதல் மெதுவாக நடக்கும் என்ற மட்டில் உங்கள் மாமியார் சொல்வது சரி. தினமும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் திறப்பதில்தான் கோளாறு. குளிர்ந்த டப்பாவைச் சமையலறைச் சூட்டில் திறந்தவுடன் காற்றிலுள்ள ஈரம் பொடிமேல் படிகிறது. கலவையில் சிக்கரி இருந்தால் இன்னும் மோசம். சிக்கரி ஈரத்தை இழுக்கும், பொடி கட்டிதட்டும். காபிப்பொடி பக்கத்திலுள்ள வாடையையும் பிடித்துக்கொள்ளும். நீங்கள் குடிப்பது நேற்றைய சாம்பார் வாடையாக இருக்கலாம்.

தினம் எடுக்கும் டப்பா வெளியேதான் இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் சேமித்துத்தான் ஆகவேண்டும் என்றால் ஃப்ரீஸர் உதவும். ஒரு வாரத்துக்கு வேண்டியதைத் தனித்தனிப் பொட்டலமாகக் காற்றில்லாமல் அடைத்து வையுங்கள். ஒன்றை வெளியே எடுத்தால் மூடியபடியே இரவு முழுக்க வைத்து, அறைச்சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள். அதைத் திரும்ப உள்ளே வைக்கக்கூடாது.

கேள்வி: அழகான கண்ணாடி ஜாடியில் போட்டு, எடுக்க வசதியாக அடுப்புக்கு மேல் ஷெல்ஃபில் வைத்திருக்கிறேன். மணம் நிற்கவே இல்லை. பிராண்டை மாற்றிப் பார்த்துவிட்டேன், மூன்றாவது பிராண்ட் இது. (வாசகர், சென்னை)

பதில்: சூடு, ஆவி, வெளிச்சம் மூன்றும் ஒன்றாகச் சேரும் இடத்தில் வைத்துவிட்டு மூன்று பிராண்டைக் குறை சொல்லியிருக்கிறீர்கள். ஜாடியை இறக்கி, அடுப்பிலிருந்து தள்ளி, மூடிய அலமாரிக்குள் வையுங்கள். மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். நானும் ஒருமுறை மர மூடி போட்ட பீங்கான் ஜாடி ஒன்றைக் கண்காட்சியில் நல்ல விலை கொடுத்து வாங்கினேன். வளையம் இல்லை, மூடி சும்மா உட்கார்ந்திருந்தது. அரைக்கிலோ நல்ல பிளாண்டேஷன் பொடி அதில் வீணானது. இன்றுவரை எனக்கு அந்த வருத்தம் போகவில்லை.

கேள்வி: "80 காபி, 20 சிக்கரி" என்று சொல்லிக் கடையில் லூஸாகக் கொடுத்தார்கள். டிகாக்ஷன் கன்னங்கரேலென்று இறங்குகிறது, மணமே இல்லை. ஓய்வூதியத்தில் வாங்கியது. கேட்டால் "உங்களுக்கு மூக்கு அடைத்திருக்கும்" என்கிறார்கள். (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ஐயா, உங்கள் மூக்கில் குறையில்லை. இப்படிப் பேசுகிற கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

சிக்கரி ஒரு செடியின் வேர். அதை வறுத்து அரைத்தால் நிறமும் கெட்டித்தன்மையும் கிடைக்கும், காபி மணம் கிடைக்காது. ஆகவே டிகாக்ஷனின் கருப்பைப் பார்த்துக் காபியை எடைபோட முடியாது. ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத்தண்ணீர் எடுத்து, மேலே ஒரு சிட்டிகை பொடியைத் தூவுங்கள். காபித்தூள் எண்ணெய்ப்பசை உள்ளது, கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி சில நொடிகளில் பழுப்புக் கோடு இழுத்தபடி கீழே இறங்கும். உங்கள் பொடியில் 20 பங்கு சிக்கரி இருப்பதாகச் சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் இறங்குவது இயல்பு. சந்தேகமில்லாத 80:20 பொடி கொஞ்சம் வாங்கி, இரண்டு டம்ளரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சரியான சதவீதத்தை இந்தச் சோதனை சொல்லாது, அதற்கு ஆய்வகம்தான் வேண்டும்.

காபி–சிக்கரி கலவையில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும் என்பது சட்டம். பொட்டலத்தில் இரண்டின் சதவீதமும் அச்சாகியிருக்க வேண்டும். லூஸாக வாங்கும்போது பில்லில் "80:20" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கே வாங்க வேண்டாம். பில் கையில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள், மாதிரி எடுத்துப் பரிசோதிக்கும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது. மிச்சப் பொடியைக் கொட்டிவிடாமல் வைத்திருங்கள்.

கேள்வி: கண்முன்னால் அரைத்து, சுடச்சுடக் கவரில் கட்டித் தருகிறார்கள். இதைவிடப் புதுசாக வாங்க முடியுமா? (வாசகி, சேலம்)

பதில்: முடியும். அந்தச் சூடுதான் என்னை வெகுநாளாக உறுத்தும் விஷயம், கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

மில் தொடர்ந்து ஓடினால் உராய்வில் சூடாகும். மாலை நெரிசலில் பத்துப் பேருக்கு அரைத்த மில்லிலிருந்து விழும் பொடியைத் தொட்டாலே சுடுகிறது. சூடு ஏற ஏற வாசனை இன்னும் வேகமாகப் பறக்கிறது. அந்தப் பொடியை அப்படியே மெல்லிய பாலிதீன் கவரில் போட்டு, வாயை முறுக்கி ஸ்டேப்லர் அடிக்கிறார்கள். பாலிதீன் தண்ணீரைத் தடுக்கும், வாசனையையும் காற்றையும் தடுக்காது. வீடு வந்து சேரும்போது கைப்பையெல்லாம் மணக்கிறதே, அது கவர் வழியாக வெளியேறியதுதான். இவ்வளவு அக்கறையாகக் கொட்டையைத் தேர்ந்தெடுத்து வறுக்கும் கடைகள் கடைசி இரண்டு நிமிடத்தில் இப்படி அலட்சியம் காட்டுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. உள்ளே அலுமினியம் பூசிய பை போட்டால் விலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

இன்னொன்று, மில்லுக்குள் முந்தைய வாடிக்கையாளரின் பொடி கொஞ்சம் தங்கியிருக்கும். காலையில் முதல் ஆளாகப் போனால் உங்களுக்கு விழுவது நேற்றைய பொடி.

அதனால் நான் இப்படிச் செய்கிறேன். கூட்டமில்லாத முற்பகலில் போவேன். கொட்டை என்றைக்கு வறுத்தது என்று கேட்பேன். நேற்று, முந்தாநாள் என்றால் சரி. இன்னும் சூடு ஆறாத கொட்டை என்றால் அரைக்க விடமாட்டேன். முதலில் ஒரு கைப்பிடிக் கொட்டையை ஓட்டித் தள்ளிவிட்டு, பிறகு என்னுடையதை அரைக்கச் சொல்வேன். கையோடு கொண்டுபோன எவர்சில்வர் டப்பாவில் நேராகப் பிடித்து மூடிவிடுவேன். சில கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். காசு கொடுப்பது நாம், கூச்சப்பட வேண்டாம்.

பொட்டலப் பொடி வாங்குவோருக்கும் இதே குறை உண்டு. பேக் செய்த மாதம் அச்சாகிறது, வறுத்த நாள் அச்சாவதில்லை. இரண்டுக்கும் நடுவே கொட்டை எத்தனை நாள் மூட்டையில் கிடந்தது என்று நமக்குத் தெரியாது. வறுத்த நாளைப் போடும் சிறு நிறுவனங்கள் இப்போது இருக்கின்றன, நான் அவர்களிடம்தான் வாங்குகிறேன்.

கேள்வி: ஆறு மாதப் பழைய பொடி அரைக்கிலோ இருக்கிறது. குடிக்கலாமா? (வாசகர், நெல்லை)

பதில்: ஈரமோ பூஞ்சையோ இல்லையென்றால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. எண்ணெய் காறிய வாடை வந்தால் செடிகளுக்குப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: கொட்டையாகவே வாங்கி மிக்ஸியில் அரைக்கலாமா? தனி கிரைண்டர் வாங்க வேண்டுமா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: கொட்டையாக வாங்குவதே நல்லது. இறுக மூடி, வெயில் படாமல் வைத்தால் வறுத்த நாளிலிருந்து மூன்று, நான்கு வாரம் மணம் நிற்கும். பொடி ஒரு வாரத்தில் தளர்ந்துவிடும்.

மிக்ஸியில் அரைத்தால் பாதி மாவாகவும் பாதி ரவையாகவும் வரும். மாவு ஃபில்டரின் துளைகளை அடைக்கும், டிகாக்ஷன் இறங்காது. மிளகாய் அரைத்த ஜாரின் வாடை வேறு. நான் முதலில் வாங்கிய மின்சாரக் கிரைண்டரும் பிளேடு வைத்ததுதான். பெட்டியில் "காபி கிரைண்டர்" என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன், அதுவும் இதே வேலையைத்தான் செய்தது. கடையில் கேட்கும்போது "உள்ளே பிளேடா, பர்ரா" என்று கேளுங்கள். பர் என்றால் இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவே கொட்டை நசுங்கி ஒரே அளவாக விழும். அந்தக் காலத்தில் மேஜை விளிம்பில் திருகி மாட்டிய கைமெஷினும் இந்த வகைதான். பாட்டி வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால் கழுவிக் காயவைத்து அதிலேயே தொடங்குங்கள். இரண்டு பேருக்குக் காலைக்கு வேண்டிய 15, 20 கிராம் அரைக்கச் சில நிமிடம் போதும். அரைத்ததும் ஃபில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றிவிடுங்கள்.

சிக்கரி வேண்டுமென்றால் தனியாக நூறு கிராம் பொட்டலம் வாங்கி, அரைத்த பிறகு ஃபில்டரிலேயே கலந்துகொள்ளுங்கள். அப்போது அளவும் உங்கள் கையில் இருக்கும்.