கீமோவுக்குப் பிறகு அம்மாவைச் சாப்பிட வைப்பது எப்படி?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு இரண்டாவது கீமோ போட்டு நாலு நாள் ஆகிறது. தட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது, எதைத் தின்றாலும் இரும்பு மாதிரி இருக்கிறது என்கிறார். 60 கிலோ இருந்தவர் இப்போது 58. எப்படிச் சாப்பிட வைப்பது?

பதில்: முதலில் அந்தத் தட்டை எடுத்துவிட்டுச் சின்னக் கிண்ணத்தில் கொடுங்கள். பசி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த நாட்களில் பசி தானாக வராது. வயிறு காலியாகக் கிடந்தால் குமட்டல் இன்னும் கூடும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரத்தைப் பார்த்துக் கொஞ்சமாகக் கொடுங்கள்.

காலையில் எழுந்ததும் ஒரு ரஸ்க். எட்டு மணிக்கு ஒரு இட்லி, பொடியில் நல்லெண்ணெய் தாராளமாக. பத்து மணிக்கு அரை டம்ளர் சத்துமாவுக் கஞ்சி. மதியம் ஒரு கரண்டி தயிர்சாதம் போதும். மூன்று மணிக்கு நன்றாக வெந்த முட்டை. சாயங்காலம் பருப்பும் நெய்யும் போட்டுக் குழையப் பிசைந்த சாதம். அளவு சின்னது என்பதால்தான் நெய்யும் எண்ணெயும் சேர்க்கச் சொல்கிறேன். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடித்தால் வயிறு சீக்கிரம் நிரம்பிவிடும். இடையிடையே வாய் வாயாகக் குடிக்கட்டும். சர்க்கரை நோய் இருந்தால் கஞ்சியின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாந்திக்கான மாத்திரையை வாந்தி வந்த பிறகு கொடுக்கும் வீடுகளே அதிகம். எழுதித் தந்த வேளைக்கு, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். அந்த மாத்திரை ஆன்டான்செட்ரான் என்றால் மலச்சிக்கல் வரலாம், அதுவும் பசியைக் கெடுக்கும். இரண்டு நாள் மலம் போகவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இரும்பு ருசிக்கு எவர்சில்வர் ஸ்பூனை மாற்றி மர ஸ்பூனோ பிளாஸ்டிக்கோ கொடுத்துப் பாருங்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து, சாப்பிடும் முன் வாய் கொப்பளித்துத் துப்பட்டும். வாய்ப்புண் இல்லாவிட்டால் எலுமிச்சை பிழிந்தது நாக்குக்குப் பிடிக்கும். கறி கசந்தால் வற்புறுத்த வேண்டாம். முட்டை, பருப்பு, பன்னீர் போதும்.

தாளிக்கும் வாசனைதான் பலருக்குக் குமட்டலைக் கிளப்புகிறது. அம்மா வேறு அறையில் இருக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு சமைத்து, சூடு தணிந்ததும் கொண்டு போங்கள். ஆறிய சாப்பாட்டில் வாசனை குறைவு. ஆனால் அன்றன்றைக்குச் சமைத்ததாக இருக்க வேண்டும். வெள்ளணுக்கள் குறையும் சமயம் இது, பழைய சாப்பாடு வேண்டாம். அப்புறம், அவருக்கு ரொம்பப் பிடித்த மீன் குழம்பைக் கீமோ அன்று கொடுக்காதீர்கள். குமட்டலோடு சேர்ந்த ருசி பிறகும் வெறுத்துப்போகும்.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள். ஒரு மாதத்தில் மூன்று கிலோ இறங்கினால் அடுத்த கீமோ வரை காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாகப் போகிறது, அல்லது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டது என்றால், நடுராத்திரி ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.