ஏழு கல் தோட்டில் கல்லின் எடை எவ்வளவு?

"மகள் கல்யாணத்துக்குக் கோயம்புத்தூரில் ஏழு கல் வைரத் தோடு எடுத்தோமுங்க. ஒரு கல் 9 சென்ட் என்று கடையில் சொன்னார்கள். கூடக் கொடுத்த சான்றிதழில் 14 கல், மொத்தம் 1.26 கேரட் என்று இருக்கிறது. பில்லில் மொத்த எடை 6.840 கிராம், கல் எடை 0.126 கிராம், நிகர எடை 6.714 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். 1.26-ம் 0.126-ம் ஒன்றுதானுங்களா?" – ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

ஒன்றில்லை. உங்கள் தோட்டில் இருக்கும் வைரத்தின் எடை 0.252 கிராம். பில்லில் அதில் பாதியைத்தான் கழித்திருக்கிறார்கள். மீதிப் பாதிக்கு நீங்கள் தங்க விலை கொடுத்திருக்கிறீர்கள்.

ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம். முன்பெல்லாம் இது ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். 1907-இல் நடந்த சர்வதேச எடை அளவு மாநாட்டில்தான் 200 மில்லிகிராம் என்று முடிவு செய்தார்கள். இன்று எந்த நாட்டுச் சான்றிதழாக இருந்தாலும் கேரட் என்றால் இதுதான். அந்தக் கேரட்டை நூறு பங்கு போட்டால் ஒரு பங்குக்குப் பெயர் பாயிண்ட். நம் கடைகளில் அதையே சென்ட் என்கிறோம். நூறு சென்ட் ஒரு ஏக்கர் என்பது போல நூறு சென்ட் ஒரு கேரட் என்று வைத்துக்கொண்டால் நம் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. ஒரு சென்ட் 2 மில்லிகிராம். ஐந்து கேரட் ஒரு கிராம். பவுனில் சொன்னால், 8 கிராம் பவுனுக்கு 40 கேரட். தங்கத்தில் சொல்லும் 22 கேரட் எடையே இல்லை, அது தரம். அதை இந்தக் கணக்கில் கொண்டுவரக் கூடாது.

இப்போது உங்கள் தோடு. ஒரு கல் 9 சென்ட், அதாவது 18 மில்லிகிராம். ஒரு காதுக்கு ஏழு கல், 126 மில்லிகிராம். இரண்டு காதுக்கும் சேர்த்து 252 மில்லிகிராம், அதாவது 0.252 கிராம். சான்றிதழில் உள்ள 1.26-ஐ 5-ஆல் வகுத்தாலும் அதே 0.252 வரும். மனக்கணக்காகப் போட எனக்குப் பிடித்த வழி: கேரட்டை இரட்டித்து, புள்ளியை ஒரு இடம் இடப்பக்கம் தள்ளுங்கள். 1.26 இரட்டித்தால் 2.52, புள்ளி தள்ளினால் 0.252. சரியாகிவிட்டது.

பில்லில் 0.126 எப்படி வந்தது? இரண்டு வழியில் வந்திருக்கலாம். இரட்டிக்காமல் புள்ளியை மட்டும் தள்ளியிருப்பார்கள். இல்லையென்றால் ஒற்றைத் தோட்டின் கல் எடையை ஜோடிக்கும் எழுதியிருப்பார்கள். ஜோடி நகையில் இந்த இரண்டு தவறுக்கும் விடை ஒன்றாகவே வரும். இரண்டு கணக்கிலும் விடுபடுவது அந்த இரட்டிப்புதான். அதனால் பில்லைப் பார்த்து எது நடந்தது என்று சொல்ல முடியாது. எதுவானாலும் நிகர எடை 6.588 கிராம் என்றுதான் இருந்திருக்க வேண்டும்.

வித்தியாசம் 0.126 கிராம். சிறியதாகத் தெரியும். ஆனால் சேதாரம் நிகர எடையின் மேல்தான் ஏறுகிறது, அதற்கும் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. கணக்குக்காகத் தங்கம் கிராம் 10,000 ரூபாய், சேதாரம் 14 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 1,480 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கும். உங்கள் பில்லில் இருக்கும் விலையையும் சேதாரத்தையும் போட்டுப் பாருங்கள்.

"சான்றிதழில் இருப்பது தோராய எடைதானே" என்று கடையில் சொல்லக்கூடும். அதில் உண்மையும் உண்டு. கட்டிய நகைக்குத் தரும் சான்றிதழில், கல்லைக் கழற்றாமல் அகலமும் உயரமும் பார்த்து எடையை மதிப்பிட்டிருப்பார்கள். அப்படியானால் மதிப்பீடு என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். ஏழு கல் தோட்டில் அடி மூடிய கட்டாக இருந்தால் கல்லின் உயரத்தை நேராக அளக்கவும் முடியாது. தனிக் கல்லாக நிறுத்ததிலும் ஒரு சின்ன விஷயம் உண்டு. ஜிஐஏ ஆய்வகத்தில் மூன்றாவது தசம இலக்கம் 9 ஆக இருந்தால்தான் அடுத்த சென்டுக்கு ஏற்றுவார்கள். 0.308 கேரட் கல்லுக்கு 0.30 என்றுதான் அச்சாகும். ஆக, ஒரு கல்லில் ஒன்றரை மில்லிகிராம் அங்கே இங்கே இருப்பது இயல்பு. ஆனால் மொத்தத்தில் 10 சென்ட் பிசகினாலும் அது 20 மில்லிகிராம்தான். உங்கள் பில்லில் விடுபட்டது 126 மில்லிகிராம், அதாவது 63 சென்ட். ஏழு கல்லின் முழு எடை! இது மதிப்பீட்டுப் பிசகில் அடங்காது.

வீட்டில் நிறுத்துப் பார்க்க நினைத்தால் ஒன்று கவனியுங்கள். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசில் 9 சென்ட் கல்லை வைத்தால் 0.01 அல்லது 0.02 என்று ஏதோ ஒன்று வரும். அதை நம்பிப் பேச முடியாது. நான் நிறுக்கும்போது ஃபேனை நிறுத்தி, கல்லைச் சிமிட்டாவில் எடுத்து, கண்ணாடி மூடி உள்ள தராசின் நடுவில் வைத்து மூடியைச் சாத்துவேன். எண் ஓடி 0.018-இல் நிற்கும். மூடியைத் திறந்தபடி நிறுத்தால் வாசலில் ஆள் நடக்கிற காற்றுக்கே கடைசி இலக்கம் ஆடும்.

இதைவிடப் பெரிய இழப்பு நகையை மாற்றுகிற நாளில் வரும். தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா தன் பழைய ப்ளூ ஜாகர் வைரத் தோட்டோடு என்னிடம் வந்தார். கல்லைத் தான் வைத்துக்கொண்டு தங்கத்தை மட்டும் கொடுப்பதாக ஒரு கடையில் பேசியிருக்கிறார். சீட்டில் 1.40 கேரட் என்று இருந்ததை அப்படியே 1.40 கிராம் என்று எடுத்துக் கழித்துவிட்டார்கள். உண்மையில் கழிக்க வேண்டியது 0.280 கிராம். 1.120 கிராம் தங்கம் கணக்கிலேயே வரவில்லை. அவர் கொண்டுவந்த பையில் கல் 14-ம் தனித்தனிக் காகிதத்தில் இருந்தன. ஒன்றாக நிறுத்துக் காட்டினேன்: 0.281. அந்த எண்ணைச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனார்.

நீங்கள் வாங்கியபோது கல் எடை குறைவாகக் கழிந்தது, விற்கும்போது கூடுதலாகக் கழியும். இரண்டிலும் நஷ்டம் உங்களுக்குத்தான். ஆகவே சான்றிதழையும் பில்லையும் சேர்த்து எடுத்துப் போங்கள். நகையைக் கடைத் தராசில் வைத்து 6.840 வருகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் கல் எடையைப் பேசுங்கள். பில்லைத் திருத்தும்போது "வைரம் 14 கல், 1.26 கேரட், 0.252 கிராம், நிகர எடை 6.588 கிராம்" என்று கேரட்டும் கிராமும் ஒரே வரியில் வருமாறு எழுதி வாங்குங்கள்.