பத்தாயிரம் பை அச்சடிக்க நகையை வைக்கலாமா?

“ஐயா, ராஜபாளையத்தில் வீட்டிலேயே எலுமிச்சை ஊறுகாய், பூண்டு ஊறுகாய், இட்லிப் பொடி, சாம்பார் பொடி செய்து விற்கிறேன். 200 கிராம் பாக்கெட் 100 ரூபாய். மாதம் 40,000 ரூபாய்க்கு ஓடுகிறது, செலவு போக 12,000 நிற்கும். மதுரையிலும் சென்னையிலும் கடைக்காரர்கள் கேட்கிறார்கள். சிவகாசியில் அச்சகப் பழக்கம் உள்ள நாத்தனார் கணவர், நாலு சரக்குக்கும் தலா பத்தாயிரம் கலர் பை அடித்துவிடு, பை 4.50தான் ஆகும் என்கிறார். அச்சு சிலிண்டர் செலவு 70,000 சேர்த்து 2.5 லட்சம். நகையை வைக்கச் சொல்கிறார். போன வருடம் கண்ணாடி ஜாடி வாங்க வைத்த 60,000 நகைக்கடனுக்கு வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைத்திருக்கிறேன், பாதி ஜாடி அப்படியே இருக்கிறது. சென்னைக்கு அனுப்பியதில் 30 பூண்டு ஊறுகாய் பாக்கெட் எண்ணெய் கசிந்து திரும்பி வந்தது. பையில் ‘12 மாதம்’ என்று போடலாமா? நைட்ரஜன் பேக்கிங் மெஷினும் மானியக் கடனில் வாங்கலாம் என்கிறார். என்ன செய்வது?”

நகையை வைக்க வேண்டாம். ஜாடிக்கு நகை வைத்தீர்கள், இப்போது பைக்கு வைக்கப் போகிறீர்கள். சரக்கு விற்பதற்கு முன்பே அதைப் போடும் பாத்திரத்தைக் கடனில் மொத்தமாக வாங்குவது உங்களுக்குப் பழக்கமாகிவருகிறது. உங்கள் தொழிலில் எனக்குத் தெரியும் ஒரே ஓட்டை இதுதான்.

கணக்கைப் பாருங்கள். மாதம் 40,000 ரூபாய் என்றால் சுமார் 400 பாக்கெட். நாலு சரக்குக்கும் சேர்த்து அடிக்கச் சொல்வது 40,000 பை. இன்றைய வேகத்தில் அது தீர 100 மாதம், அதாவது எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். சென்னை விற்பனையால் மூன்று மடங்கு ஆனாலும் கிட்டத்தட்ட மூன்று வருடம்.

இப்போது விலை. அச்சடிக்காத நிற்கும் பை ஒன்று 5 ரூபாய், நல்ல ஸ்டிக்கர் 2.50, ஆக 7.50 என்று வையுங்கள். அவர் சொல்லும் பை 4.50. ஒரு பாக்கெட்டுக்கு 3 ரூபாய் மிச்சம், மாதம் 400 பாக்கெட்டுக்கு 1,200 ரூபாய். 2.5 லட்சத்துக்கு வருடம் 12 சதவீத வட்டி என்றால் மாதம் 2,500. ஆயிரத்து இருநூறை மிச்சம் பிடிக்க இரண்டாயிரத்து ஐந்நூறு கட்டுவீர்கள். சிலிண்டருக்குப் போட்ட 70,000 ரூபாயை அந்த 4.50 விலையில் நான் சேர்க்கவே இல்லை.

இதைவிடப் பெரிய நஷ்டம் பையில் அச்சாகும் எழுத்தில் இருக்கிறது. மிளகாய் விலை ஏறினால் உங்கள் விலையும் ஏறும். ஆனால் பையில் அச்சாகிவிட்ட எம்ஆர்பியை ஸ்டிக்கர் ஒட்டிக் கூட்ட சட்டம் விடாது, குறைக்கத்தான் விடும். நாளை வீட்டை விட்டு ஒரு ஷெட்டுக்கு மாறினால் முகவரி மாறும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவிலிருந்து லைசென்சுக்குப் போனால் அந்த 14 இலக்க எண்ணும் மாறும். மீதி இருக்கும் பையெல்லாம் பழைய பேப்பர் கடைக்குக்கூடப் போகாது. ஸ்டிக்கராக இருந்தால் அதிகபட்சம் சரக்குக்கு 500 ஸ்டிக்கர் வீணாகும்.

சரி, அந்த 12 மாதம். இந்த எண் எங்கிருந்து வந்தது? பெரிய கம்பெனி பாக்கெட்டைப் பார்த்து எடுத்ததாகத்தான் இருக்கும். நாலு சரக்கும் நாலு விதமாகக் கெடும், அதனால் நாலுக்கும் ஒரே தேதி வராது.

எலுமிச்சையை உப்பும் புளிப்பும் காக்கும். உப்பை நம்பி நிற்கும் ஊறுகாய்க்கு 12 சதவீத உப்பு என்பது நம் நாட்டுத் தர விதியில் உள்ள அளவு. “உப்பு கம்மியா போடுங்க” என்று சென்னையில் யாராவது சொன்னதும் குறைத்தால் ஆயுளும் கூடவே குறையும். பை உப்பி வந்தால் உள்ளே புளித்து வாயு உண்டாகிறது என்று அர்த்தம்.

இட்லிப் பொடியும் சாம்பார் பொடியும் ஈரத்தால் கெடும், காறலாலும் கெடும். வறுத்த எள்ளும் பருப்பும் சூட்டோடு பைக்குள் போனால் ஆவி வியர்த்துக் கட்டி தட்டும். முழுக்க ஆறிய பிறகுதான் சீல் வைக்க வேண்டும். பூஞ்சை வராவிட்டாலும் எள்ளில் உள்ள எண்ணெய் நாளாக நாளாகக் காறும். திறந்ததும் பழைய எண்ணெய் வாடை வந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

பூண்டு ஊறுகாய் பற்றித்தான் எனக்குக் கவலை. பூண்டில் இயற்கையாகப் புளிப்பு குறைவு. எண்ணெயில் மூழ்கினால் காற்றும் படாது. புளிப்பில்லாமல், காற்றில்லாமல் இருக்கும் இடத்தில்தான் பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும். அந்த நஞ்சுக்கு வாடையோ நிறமோ கிடையாது, ருசித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. புளி, எலுமிச்சை, வினிகர் ஏதாவது போதுமான அளவு சேர்த்து, புளிப்பைக் காட்டும் பிஎச் எண்ணை 4.6க்குக் கீழே கொண்டுவர வேண்டும், 4 அல்லது அதற்கும் கீழே இருந்தால் நிம்மதி. மேலே நிற்கும் குழம்பை மட்டும் அளக்காதீர்கள். ஊறுகாய் ஊறி ஒரு வாரம் கழித்து, எண்ணெயை வடித்துவிட்டு, பூண்டுப் பல்லை அரைத்து அளக்க வேண்டும். புளி நிறத்தில் பிஎச் காகிதம் ஏமாற்றும். தஞ்சாவூர் நிஃப்டெம் மாதிரி உணவு ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். அந்த எண் கைக்கு வரும்வரை பூண்டு ஊறுகாயை வெளியூருக்கு அனுப்பாதீர்கள்.

நைட்ரஜன் மெஷினும் இங்கே உதவாது. நைட்ரஜன் பைக்குள் இருக்கும் ஆக்சிஜனை விரட்டும், பொடி காறுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஈரமான பொடியை அது உலர்த்தாது, புளிப்பில்லாத பூண்டைப் புளிப்பாக்காது. மானியக் கடன் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். 35 சதவீதம் மானியம் கிடைத்தாலும் மீதியில் பெரும்பகுதி உங்கள் பெயரில் கடனாகத்தான் நிற்கும். மாதம் 400 பாக்கெட்டுக்கு அந்த மெஷின் சில மணி நேரம் ஓடும், மற்ற நாளெல்லாம் சும்மா கிடக்கும்.

ஆயுளைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம், பொறுமை வேண்டும். பூண்டு ஊறுகாய்க்கு மட்டும் பிஎச் சரி என்று தெரிந்த பிறகு இதைத் தொடங்குங்கள். ஒவ்வொரு சரக்கிலும் ஒரே தடவை செய்ததிலிருந்து 12 பாக்கெட், விற்கப்போகும் அதே பையில், அதே சீலில் எடுத்து வையுங்கள். பரணில் வையுங்கள், ஃபிரிட்ஜ் கூடாது. கடைக்காரர் வெயில் படும் அலமாரியில்தான் வைப்பார். மாதம் இரண்டு திறந்து, புதிதாகச் செய்ததோடு சேர்த்து, எது பழையது என்று சொல்லாமல் பக்கத்து வீட்டில் ருசி பார்க்கக் கொடுங்கள். எந்த மாதம் அவர்கள் சரியாகப் பழையதைக் காட்டுகிறார்களோ, அதில் மூன்றில் இரண்டு பங்குதான் உங்கள் தேதி. இட்லிப் பொடி ஆறாவது மாதம் பிடிபட்டால் நாலு மாதம் போடுங்கள். நாலுக்கும் சேர்த்து 48 பாக்கெட், ஒன்றுக்கு அடக்கம் 50 ரூபாய் என்றாலும் 2,400. அவர் வாங்கச் சொல்லும் 2.5 லட்சக் கடனின் ஒரு மாத வட்டியைவிட நூறு ரூபாய் குறைவு.

முடிவு தெரியும்வரை பொடிகளுக்கு மூன்று மாதம் போட்டு அனுப்புங்கள். குறைந்த தேதிக்கும் ஒரு செலவு உண்டு. ஆன்லைனில் விற்றால், வாங்குபவர் கையில் சேரும்போது குறைந்தது 45 நாளோ 30 சதவீத ஆயுளோ மீதி இருக்க வேண்டும் என்று எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்கிறது. எனவே மூன்று மாதப் பொடியை விற்க நடைமுறையில் இரண்டு மாதம்தான் கிடைக்கும். கடைக்கு மாதம் ஒருமுறை 50 பாக்கெட் அனுப்புங்கள், மூன்று மாதச் சரக்கை ஒரேயடியாக இறக்காதீர்கள். பெரிய தேதி போட்டால் கடைக்காரர் எட்டு மாதம் வைத்திருந்து, காறிய பிறகு உங்கள் செலவில் திருப்பி அனுப்புவார்.

அந்த 30 பாக்கெட் கசிந்தது பை மோசம் என்பதால் இருக்காது. நிரப்பும்போது சீல் வைக்கும் இடத்தில் எண்ணெய் பட்டால் எவ்வளவு விலையுயர்ந்த பையும் ஒட்டாது. நீளமான புனல் வைத்து நிரப்புங்கள், மேலே நாலு விரற்கடை காலியாக விடுங்கள், உள்விளிம்பைத் துடைத்துவிட்டு இரண்டு வரி சீல் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் நாலைந்து பாக்கெட்டைச் செய்தித்தாளில் படுக்கவைத்து, மேலே நாலு கிலோ அரிசி மூட்டையை ஓர் இரவு வையுங்கள். காலையில் தாளில் எண்ணெய்க் கறை இருந்தால் அந்தத் தொகுதி பார்சலுக்குப் போகாது. மீதி இருக்கும் கண்ணாடி ஜாடியில் எலுமிச்சையைப் போட்டு ஊருக்குள்ளேயே விற்றுத் தீர்த்துவிடுங்கள், கூரியரில் ஜாடியின் எடைக்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டாம்.

லேபிளில் உங்களைப் போன்றவர்கள் அதிகம் தவறுவது மூன்று இடத்தில். தமிழில் மட்டும் அடிப்பது முதல் தவறு. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழை அதோடு சேர்த்துக்கொள்ளலாம். அடுத்து, காலாவதித் தேதிதான் கட்டாயம். ‘இதற்குள் பயன்படுத்தினால் நல்லது’ என்பதை மட்டும் போட்டால் போதாது. மூன்றாவது, எம்ஆர்பியோடு ஒரு கிராம் என்ன விலை என்பதும் வேண்டும், உங்களுக்கு அது 0.50 ரூபாய். தயாரித்த தேதி, தொகுதி எண், காலாவதி, விலை இந்த நாலுக்கும் ஸ்டிக்கரில் வெற்றுக் கட்டம் விட்டு, பேக் செய்யும் அன்று முத்திரை குத்துங்கள். எடை போட்டுப் பாக்கெட் கட்டி விற்பதற்கு தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் பதிவும் வேண்டும், கட்டணம் 500 ரூபாய்.

நாத்தனார் கணவரைப் பகைக்க வேண்டியதில்லை. ஸ்டிக்கர் வேலையை அவரிடமே கொடுங்கள். சரக்குக்கு 500 வீதம் 2,000 ஸ்டிக்கர் 5,000 ரூபாய், வெறும் பை 2,000க்கு 10,000. மொத்தம் 15,000, ஐந்து மாதத்துக்கு வரும், இரண்டு மாத மிச்சத்தில் கட்டிவிடலாம். ஏதாவது ஒரு சரக்கு மட்டும் தொடர்ந்து ஆறு மாதம், மாதம் 1,000 பாக்கெட் போனால், அந்த ஒன்றுக்கு மட்டும் பை அடிக்கலாம், அதுவும் கைக்காசில். ஜாடிக் கடனுக்கு வட்டியோடு அசலில் மாதம் 5,000 கட்டத் தொடங்குங்கள். ஒரு வருடத்தில் அந்த நகை வீட்டுக்கு வந்துவிடும்.